இடிபாட்டையும் தோண்டிய மண்ணையும் மனையில் நிரப்பும்போது நடக்கும் தவறுகள்

பழைய வீட்டை இடித்த செங்கலும் கான்கிரீட்டும் ஒரு பக்கம், புது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் இன்னொரு பக்கம். மனையோ தெருவைவிடத் தாழ்வாக இருக்கிறது. இருப்பதை வைத்தே மேடேற்றிவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். நல்ல கான்கிரீட் இடிபாட்டை உடைத்து ஒழுங்காகப் போட்டால் வெளியிலிருந்து வாங்கும் நிரப்பு மண்ணுக்கு அது குறைந்ததே இல்லை. ஆனால் தரை இறங்குவதும் டைல்ஸ் பிளப்பதும் வேலை முடிந்த மாதத்தில் தெரியாது. ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். அப்போது அடியில் கிடப்பதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது.

முதல் தவறு இடிக்கும்போதே நடந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தள்ளிவிட்டு, பிறகு பொறுக்கிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். இயந்திரம் ஒருமுறை மிதித்துப் புரட்டிய குவியலிலிருந்து எதையும் முழுதாகப் பொறுக்க முடியாது. மரத்துண்டு உள்ளே போனால் மட்கிப் பொந்தாகும், கரையானையும் அழைத்துவரும். ஜிப்சம் பூச்சும் ஃபால்ஸ் சீலிங் பலகையும் இன்னும் மோசம். அவற்றிலுள்ள சல்பேட், ஈரத்தோடு சேர்ந்து அஸ்திவாரக் கான்கிரீட்டை அரிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஆகவே சுவரில் கை வைக்கும் முன்பே கதவு, ஜன்னல், சீலிங், ஷீட், வயர், குழாய் எல்லாம் கழன்று வெளியே போயிருக்க வேண்டும். அதன் பிறகு இடித்தால் செங்கல், கான்கிரீட், காரை மட்டும் மிஞ்சும். கம்பியை வெட்டி எடுத்துவிட்டால் அது உடைக்கத் தயாரான சரக்கு.

மண்ணிலும் இதே பிரிப்பு வேண்டும். மேலே ஒரு சாண் அளவுக்கு வேரும் மட்கும் கலந்த கறுத்த மண் இருக்கும். அது தோட்டத்துக்குப் பொன், தரைக்கடியில் வீண். தனியாக ஒதுக்கி மூடி வையுங்கள். அடியிலிருந்து வருவது ஒட்டும் களிமண்ணாக இருந்தால் அதையும் வீட்டுத் தரைக்கு அடியில் போட வேண்டாம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தரை அதோடு ஏறி இறங்கும். மணல் கலந்த மண்ணும் சரளையும்தான் நிரப்ப ஏற்றவை.

அதிகம் நடக்கும் தவறு அடுத்தது: பெரிய துண்டுகளை அப்படியே கொட்டி மேலே மண்ணைத் தள்ளி மூடுவது. பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். உள்ளே கான்கிரீட் கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, நடுவே இடைவெளிகள் திறந்து கிடக்கும். மழைநீர் இறங்கும்போது மேலேயிருக்கும் மண்ணை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடைவெளிக்குள் இழுத்துக்கொள்ளும். மேலே தரை பள்ளமாகும். இதற்கு மருந்து இரண்டு. 15 செ.மீ. அடுக்காகப் போடப் போகிறீர்கள் என்றால் எந்தத் துண்டும் 5 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்து, உடைத்ததில் வரும் பொடியைச் சலித்துத் தள்ளக் கூடாது. இடைவெளியை அடைப்பதே அந்தப் பொடிதான். பொடி குறைவென்றால் மூன்று பங்கு உடைத்த இடிபாட்டுக்கு ஒரு பங்கு மணற்பாங்கான மண் என்று தொடங்கி, குவியலிலேயே புரட்டிக் கலந்துகொண்டு வந்து போட வேண்டும். ஜல்லி ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுவது கலப்பதாகாது.

திமிசு போடும் விஷயத்திலும் அவசரம் கெடுக்கிறது. அரை மீட்டரை ஒரேயடியாகக் கொட்டி மேலே பிளேட் காம்பாக்டரை ஓட்டினால் மேல்புறம் மட்டும் கல்லாகும், அடி பொலபொலவென்றே இருக்கும். சிறிய காம்பாக்டரின் அடி ஒரு சாணுக்குக் கீழே சரியாக இறங்காது. 15 செ.மீ. போடுவது, இறுக்குவது, அடுத்த அடுக்கு. தண்ணீர் விட்டுத் தேக்கினால் தானாக இறுகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் மணலுக்கு அது ஓரளவு பொருந்தும். மண் கலந்த நிரப்புக்கு அது சேறுதான் தரும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் இரண்டு மூன்றாகப் பிளந்தால் சரி. உதிர்ந்தால் தெளிக்க வேண்டும். உள்ளங்கை நனைந்தால் காயவிட வேண்டும்.

அடுக்கு முடிந்ததும் ஒரு கம்பியை நாலைந்து இடத்தில் கையால் குத்திப் பாருங்கள். ஓரிடத்தில் முட்டி நின்று, பக்கத்தில் சரசரவென்று இறங்கினால் அங்கே உள்ளே பொந்து இருக்கிறது. கிளறி மறுபடி போடுவது அன்றைக்கு அரைமணி வேலைதான். இன்னொன்று, எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் சுவரைத் தாங்கும் அஸ்திவாரம் இந்த நிரப்பின்மேல் உட்காரக் கூடாது. அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண்ணில்தான் உட்கார வேண்டும். புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் சுவருக்கு ஒரு பக்கம் மட்டும் நிரப்பி இறுக்கினால் சுவர் மறுபக்கம் தள்ளிப்போகும். இரு பக்கமும் சேர்ந்தே உயர வேண்டும்.

இனி கணக்கு. ‘மிச்சம் இருக்கிறது’ என்று லாரியைக் கூப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 10 மீட்டருக்கு 12 மீட்டர் இடத்தை 0.6 மீட்டர் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 72 கன மீட்டர், அதுவும் இறுகிய அளவில். அஸ்திவாரக் குழியின் அளவு 40 கன மீட்டர். தோண்டியதும் மண் உப்பி, குவியலில் ஏறக்குறைய 50 ஆகத் தெரியும். உடைத்த இடிபாட்டுக் குவியல் 40. மொத்தம் 90. தேவைக்குமேல் 18 இருக்கிறது என்று, ஆறு ஆறு கன மீட்டராக மூன்று லோடு வெளியே போகும். ஆனால் இறுக்கியபின் அந்த 50 கன மீட்டர் மண் சுமார் 36 ஆகவும், இடிபாடு சுமார் 30 ஆகவும் வரும். கூட்டினால் 66தான். மண் ஜல்லியின் இடுக்குக்குள் போவதால் அதுவும் இன்னும் குறையும். அனுப்பாமலிருந்தாலே ஆறு கன மீட்டர் பற்றாது. அனுப்பியதையெல்லாம் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிய நிலை. ஆகவே கடைசி அடுக்கு இறுகும் வரை ஒரு லோடும் வெளியே போகக் கூடாது. களிமண்ணும் குப்பையும் மட்டும் விதிவிலக்கு.

உண்மையிலேயே மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்பதை லாரி ஓட்டுநரிடம் விட்டுவிடுவது பெரிய தவறு. ‘தூரமில்லை, ஒரு பள்ளம் இருக்கிறது’ என்றால் அது பெரும்பாலும் ஏரிக்கரையாகவோ வாய்க்காலாகவோ இருக்கும். தண்ணீர் போகும் வழி அடைபட்டால் அடுத்த மழையில் மேல்புறத்து வீடுகளில் தண்ணீர் நிற்கும். கான்கிரீட் பொடியில் ஊறி வரும் நீர் கடுமையான காரம். சின்னக் குளமென்றால் மீன் தாங்காது. சொந்த மனையிலும் கிணற்றை ஒட்டிக் கான்கிரீட் பொடியைப் போடாமலிருப்பதற்குக் காரணம் இதுதான்.

சுத்தமான மண்ணைக் கேட்கிற அக்கம்பக்கத்து மனைக்காரர்கள் இருப்பார்கள். முதல் லோடு கிளம்பும் முன் அந்த இடத்தை நேரில் பாருங்கள், உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இடிபாட்டை உடைத்து மறுபயன்படுத்தும் ஆலை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே அனுப்புங்கள், ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிபாருங்கள். எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை ஜிப்சமோ தெர்மாகோலோ கலந்திருந்தால் முழு லோடையும் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பும் வண்டிதான் இருட்டிய பிறகு வாய்க்காலைத் தேடிப் போகிறது.