பக்கவாட்டுக் கண்ணாடியில் பிம்பம் ஏன் எப்போதும் நேராக, சிறிதாக, மாயமாகவே தெரிகிறது? வரைந்து பார்க்கும் முறை

காரின் உள்ளே, முன்பக்கக் கண்ணாடியின் மேற்பகுதியில் இருப்பது பெரும்பாலும் சமதள ஆடி. வெளியே கதவோரம் இருப்பதுதான் பெரும்பாலும் குவி ஆடி. அதில் பின்னால் வரும் லாரி எவ்வளவு தொலைவில் இருந்தாலும், எவ்வளவு நெருங்கினாலும், அதன் பிம்பம் தலைகீழாக மாறுவதில்லை. லாரியைவிடப் பெரிதாவதும் இல்லை. இந்த 'எப்போதும்' எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு படம் காட்டிவிடும். தேவையானவை: கட்டம் போட்ட வரைதாள், அடிக்கோல், கூரான பென்சில்.

படி 1: அச்சும் ஆடியும்

தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, நடுவே கிடையாக ஒரு நீண்ட கோடு போடுங்கள். அதுதான் முதன்மை அச்சு. அதன் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள்; அது ஆடி மையம். அந்தப் புள்ளி வழியாக ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். அதுவே நம் ஆடி.

குவி ஆடி வளைந்ததாயிற்றே, ஏன் நேர்கோடு என்று தோன்றும். நாம் பயன்படுத்தப்போகும் சூத்திரம், கதிர்கள் அச்சை ஒட்டியே விழும்போது பொருந்துவது. தாளில் நாம் வரையும் பொருளோ ஆடியின் ஆரத்தோடு ஒப்பிட்டால் மிக உயரமானது. கவராயத்தால் வில் வரைந்து அதில் கதிரைப் படவைத்தால், படும் இடமே சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப்போகும். பிம்பம் கணக்கோடு ஒத்துவராது. கணக்கு சரியாக இருந்தும் படம் தப்பாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அழகுக்காக வில்லை மெல்லிசாகப் போட்டுக்கொள்ளலாம், கதிர்களை மட்டும் நேர்கோட்டிலேயே முடியுங்கள்.

படி 2: குவியமும் வளைவு மையமும்

பொருள் இடப்பக்கம் நிற்கப்போகிறது. ஆகவே ஆடிக்கு வலப்பக்கம், அதாவது பின்புறம், 6 செ.மீ. தள்ளிக் குவியத்தையும் 12 செ.மீ. தள்ளி வளைவு மையத்தையும் அச்சில் குறியுங்கள். இரண்டும் பின்புறம்தான், ஒளி அங்கே போகவே போகாது. குழி ஆடி வரைந்து பழகிய கை இவற்றை முன்புறம் குறித்துவிடும், கவனம்.

படி 3: பொருளும் இரண்டு கதிர்களும்

ஆடிக்கு இடப்பக்கம் 12 செ.மீ. தொலைவில், அச்சின் மேல் 3 செ.மீ. உயர அம்பு ஒன்று நிறுத்துங்கள்.

அம்பின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக முதல் கதிரை ஆடிவரை வரையுங்கள். எதிரொளித்த பிறகு அது குவியத்திலிருந்து கிளம்பியதுபோல இடப்பக்கம் மேல்நோக்கி விலகிச் செல்லும். எனவே கதிர் பட்ட இடத்தையும் குவியத்தையும் ஆடிக்குப் பின்னால் புள்ளிக்கோட்டால் இணையுங்கள்.

இரண்டாவது கதிர் நுனியிலிருந்து வளைவு மையத்தை நோக்கிப் போகட்டும். உண்மையான வளைந்த ஆடியில் இது செங்குத்தாகப் படுவதால் வந்த வழியே திரும்பும். ஆடிக்குப் பின்னால் வளைவு மையம் வரை இதையும் புள்ளிக்கோடாக நீட்டுங்கள்.

இரு புள்ளிக்கோடுகளும் ஆடிக்குப் பின்னால் 4 செ.மீ. தொலைவில், அச்சுக்கு மேலே 1 செ.மீ. உயரத்தில் வெட்டும். அதுதான் பிம்பத்தின் நுனி.

படி 4: 'எப்போதும்' என்பதற்கான காரணம்

இப்போது முதல் புள்ளிக்கோட்டை மட்டும் பாருங்கள். ஆடியில் 3 செ.மீ. உயரத்தில் தொடங்கி, சரிந்து, குவியத்தில் அச்சைத் தொடுகிறது. அம்பை 24 செ.மீ. தள்ளிவைத்தாலும், ஆடியை ஒட்டி வைத்தாலும், அதன் நுனியிலிருந்து வரும் இணைக் கதிர் அதே 3 செ.மீ. உயரத்தில்தான் ஆடியில் படும். ஆகவே இந்தச் சரிவுக்கோடு இம்மியும் நகராது. மாறுவது இரண்டாவது கோடு மட்டும். அதுவும் ஆடியை 3 செ.மீ.க்குக் கீழே கடந்து, குவியத்தையும் தாண்டி வளைவு மையத்தில்தான் அச்சைத் தொடுகிறது. எனவே அது சரிவுக்கோட்டை ஆடிக்கும் குவியத்துக்கும் நடுவில் வெட்டியே ஆகவேண்டும்.

பிம்பத்தின் நுனி இந்தச் சின்னச் சரிவில் சிறைப்பட்டுவிட்டது. அந்தச் சரிவு முழுவதும் அச்சுக்கு மேலே இருப்பதால் பிம்பம் நேரானது. அதன் உயரம் எங்கும் 3 செ.மீ.க்குக் குறைவு என்பதால் பிம்பம் சிறியது. அது ஆடிக்குப் பின்னால் இருப்பதால் பிம்பம் மாயமானது: கதிர்கள் அங்கே உண்மையில் சந்திக்கவில்லை, அங்கே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் எதுவும் விழாது.

படி 5: கணக்கில் சரிபார்த்தல்

`u` பொருளின் தொலைவு, `v` பிம்பத்தின் தொலைவு, `f` குவியத் தொலைவு, `m` உருப்பெருக்கம், அதாவது பிம்பம் பொருளைப்போல எத்தனை மடங்கு உயரம் என்பது. ஆடிக்கு முன்புறத் தொலைவுகளுக்கு எதிர்க்குறி, பின்புறத் தொலைவுகளுக்கு நேர்க்குறி.

```
1/v + 1/u = 1/f
u = -12, f = +6
1/v = 1/6 + 1/12 = 3/12
v = +4
m = -v/u = 4/12 = 1/3
```

3 செ.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு 1 செ.மீ. படமும் கணக்கும் ஒத்துப்போகின்றன. `f`-ஐ மறதியாக −6 என்று போட்டால் `v = -12`, `m = -1` என வரும். அது வளைவு மையத்தில் பொருள் வைத்த குழி ஆடிக்கான விடை. குவி ஆடிக் கணக்கில் உருப்பெருக்கம் எதிர்க்குறியோடு வந்தாலோ, 1-ஐத் தாண்டினாலோ, மேலே படிக்காமல் முதலில் குறிகளைப் பாருங்கள்.

இனி உண்மையான கண்ணாடி

கார்களின் முதன்மை வெளிப்புறக் குவி ஆடிக்கு வளைவு ஆரம் 1200 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது ஐ.நா. வாகன ஒழுங்குமுறை எண் 46. அந்த எல்லையையே எடுத்துக்கொள்வோம்: ஆரம் 1.2 மீ., குவியத் தொலைவு 0.6 மீ. ஆடியிலிருந்து 12 மீ. பின்னால் 1.5 மீ. உயரமுள்ள கார் ஒன்று வருகிறது.

பொருளின் தொலைவை குறியில்லாமல் `d` என்று எழுதினால், உருப்பெருக்கம் `f/(f + d)`. இங்கே 0.6/12.6, அதாவது 21-இல் ஒரு பங்கு. 1.5 மீ. கார் சுமார் 7 செ.மீ. பிம்பமாகிறது, ஆடிக்குப் பின்னால் வெறும் 57 செ.மீ.யில் நிற்கிறது. கார் 6 மீ.க்கு நெருங்கிவிட்டது என்று வையுங்கள். பிம்பம் 54.5 செ.மீ.க்கு வருகிறது. கார் 6 மீட்டர் ஓடிவந்தும் பிம்பம் நகர்ந்தது இரண்டரை செ.மீ.தான்! உயரம் மட்டும் சுமார் 13.6 செ.மீ. ஆகிறது.

பிம்பம் இவ்வளவு பக்கத்தில் இருக்க, கார் தொலைவில் இருப்பதுபோல ஏன் தோன்றுகிறது? நன்கு பழகிய ஒரு பொருளின் தொலைவை, அது கண்ணில் எவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதை வைத்தே நாம் பெரும்பாலும் கணிக்கிறோம். கண் ஆடியிலிருந்து 0.7 மீ. தள்ளி இருந்தால், 12 மீ. பின்னால் உள்ள காரின் பிம்பம் கண்ணில் சுமார் 3.2 பாகை கோணமே பிடிக்கும். சமதள ஆடியாக இருந்தால் ஏறக்குறைய 6.8 பாகை. 3.2 பாகையில் தெரியவேண்டுமானால் அந்தக் கார் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட 27 மீ. தொலைவில் நிற்கவேண்டும். உண்மையில் ஒளி கடந்துவந்த பாதை 12.7 மீ. மட்டுமே. 'ஆடியில் தெரியும் பொருள்கள் தோன்றுவதைவிட அருகில் உள்ளன' என்று சில கண்ணாடிகளில் பொறித்திருப்பது இதனால்தான்.

இந்த இழப்புக்குக் கிடைக்கும் ஈடு, அகன்ற பார்வை. 16 செ.மீ. அகல ஆடியை அதே 0.7 மீ.யிலிருந்து நேராகப் பார்த்தால் சமதள ஆடி சுமார் 13 பாகை அகலத்தைக் காட்டும்; நம் குவி ஆடி சுமார் 28 பாகை காட்டும். ஆரத்தைக் குறைக்கக் குறைக்கப் பார்வை இன்னும் விரியும், பிம்பமும் இன்னும் சிறுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டும் வட்டமான குட்டி ஆடிகளின் ஆரம் மிகக் குறைவு. பக்கத்துத் தடத்தில் வண்டி உண்டா இல்லையா என்று பார்க்க அவை போதும். தொலைவைக் கணிக்க அவற்றை நம்பக்கூடாது.

வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் ஒரே காரை உள் ஆடியிலும் வெளி ஆடியிலும் மாறிமாறிப் பாருங்கள். உள் ஆடி காட்டும் தொலைவே உண்மைக்கு நெருங்கியது.