கபடிப் போட்டிக்குத் தலைமை ஆசிரியையிடம் அனுமதிக் கடிதம் எழுதுவது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றை வைத்துக்கொள்வோம். 9ஆம் வகுப்பில் நான்கு பிரிவுகள். பிரிவுகளுக்கு இடையே கபடிப் போட்டி நடத்த மாணவிகளுக்கு ஆசை. "அன்புகூர்ந்து அனுமதி தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். எத்தனை பாடவேளை போகும், அடிபட்டால் யார் பார்ப்பது, பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளும் தலைமை ஆசிரியைக்கு உடனே எழும். கடிதமே அவற்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

முதலில் தேதி

எழுத உட்காரும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் வடகிழக்குப் பருவமழை. அரையாண்டுத் தேர்வும் அதற்குள் வந்துவிடும். அதனால் பொங்கல் முடிந்த வாரம் நல்லது: 2026 ஜனவரி 22 வியாழன், 23 வெள்ளி. திங்கள்கிழமை குடியரசு தினம் என்பதால், கொடியேற்றத்தின்போதே பரிசு கொடுத்துவிடலாம், தனி விழா வேண்டாம்.

இப்போது நேரக் கணக்கு. 10 நிமிட ஆட்டம், 5 நிமிட இடைவேளை, மீண்டும் 10 நிமிடம் என்று ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம். வியாழன் இரண்டு அரையிறுதி, நடுவில் 10 நிமிட இடைவெளி: 3 மணிக்குத் தொடங்கினால் 4 மணிக்கு முடியும். வெள்ளி இறுதி ஆட்டம் மட்டும். "மாலையில் நடத்துவோம்" என்று எழுதாமல் இந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள்.

பாதுகாப்பு

"தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்படும்" என்ற வரியால் யாருக்கும் நம்பிக்கை வராது. நம் மைதானத்தில் எது குத்தும் என்று யோசியுங்கள். மணலில் சிப்பி ஓடு கிடக்கும், ஓரத்தில் சீமைக்கருவேல முள் இருக்கும். முதல் நாளே மணலைக் கிளறிப் பொறுக்க வேண்டும். வளையல், கம்மல், ஊசி எல்லாம் கழற்றிவிட்டு, நகம் வெட்டி வர வேண்டும். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, ஆகவே குடிநீர் கேன் கட்டாயம்.

பெற்றோர் ஒப்புதல் சீட்டை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அப்பா கடலுக்குப் போயிருந்தால் அன்றே கையெழுத்து கிடைக்காது. அம்மா கையெழுத்தும் போதும் என்று சீட்டிலேயே போடுங்கள்.

செலவு

தொகையை மொத்தமாகச் சொன்னால் சந்தேகம் வரும், பிரித்துக் காட்டுங்கள். கீழே மாதிரிக் கடிதத்தில் உள்ளவை மாதிரி விலைகள், உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாணவிகளிடம் வசூல் செய்வதாக எழுத வேண்டாம். கொடுக்க முடியாத பிள்ளை விளையாட வராமலே நின்றுவிடும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேளுங்கள்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
9ஆம் வகுப்பு அணித் தலைவிகள்,
(பெயர்கள், பிரிவு)

பெறுநர்
தலைமை ஆசிரியை அவர்கள்,
(பள்ளியின் பெயர், ஊர்)

வழி: உடற்கல்வி ஆசிரியை

பொருள்: 9ஆம் வகுப்புப் பிரிவுகளுக்கு இடையே கபடிப் போட்டி நடத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் நான்கு பிரிவு மாணவிகளும் சேர்ந்து விளையாடவும், பள்ளி அணிக்குப் புதிய வீராங்கனைகளை உடற்கல்வி ஆசிரியை கண்டறியவும் கபடிப் போட்டி நடத்த விரும்புகிறோம்.

22.01.2026 வியாழன் மாலை 3.00 முதல் 4.00 வரை அரையிறுதி ஆட்டங்களும், 23.01.2026 வெள்ளி 3.30 முதல் 4.00 வரை இறுதி ஆட்டமும் நடைபெறும். வியாழன் கடைசி இரு பாடவேளையும் வெள்ளி கடைசிப் பாடவேளையும் மட்டும் தேவை. வழக்கமான பேருந்தைப் பிடித்துவிடலாம். மழை வந்தால் 29, 30 ஆகிய நாட்களில் நடத்த அனுமதி வேண்டுகிறோம்.

உடற்கல்வி ஆசிரியை நடுவராக இருக்கவும், வகுப்பு ஆசிரியைகள் உடனிருக்கவும் இசைந்துள்ளனர். 21ஆம் தேதி மாலை மைதானத்தில் முள், சிப்பி ஓடு அகற்றுவோம். பெற்றோர் ஒப்புதல் தந்தவர்கள் மட்டுமே விளையாடுவர். முதலுதவிப் பெட்டி மைதானத்திலேயே இருக்கும்.

செலவு: கோடு போடச் சுண்ணாம்பு ரூ.100, குடிநீர் கேன் 4 ரூ.160, முதலுதவிப் பொருட்கள் ரூ.250, எலுமிச்சை, சர்க்கரை ரூ.200, சான்றிதழ் 24 ரூ.240, கோப்பை ரூ.450. மொத்தம் ரூ.1,400. இதைப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து வழங்க வேண்டுகிறோம். போட்டி முடிந்ததும் ரசீதுகளை ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவிகள்
(கையெழுத்துகள்)

இடம்:
நாள்: 07.01.2026

கொடுக்கும் முன்

ஆசிரியைகள் "இசைந்துள்ளனர்" என்று எழுதியிருக்கிறோம், அவர்களிடம் நேரில் கேட்ட பிறகுதான் அந்த வரியைப் போடலாம். சான்றிதழ் 24 என்பது இறுதிக்கு வரும் இரண்டு அணிகளுக்கு, அணிக்கு 7 ஆட்டக்காரர்கள், 5 மாற்று ஆட்டக்காரர்கள் என்ற கணக்கு. தனியார் பள்ளியானால் "முதல்வர் அவர்கள்" என்று மாற்றுங்கள். இரண்டு படி எடுத்து, தலைமை ஆசிரியை கையெழுத்திட்ட படியை உடற்கல்வி ஆசிரியையிடம் கொடுங்கள். கழகத்தில் பணம் கேட்கும்போது அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.