வாசலில் குப்பைப் பையைக் கிழிக்கும் நாயும் பூனையும்: ஞாயிற்றுக்கிழமைக் கழிவிலிருந்து தொடங்குங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் திங்கட்கிழமை காலைதான் மோசமாக இருக்கும். ஞாயிறன்று மீனோ கோழியோ சமைத்துவிட்டு, இரவே கழிவைப் பாலித்தீன் பையில் முடிந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். குப்பை வண்டி வருவதோ மறுநாள் காலையில். இடைப்பட்ட இரவு முழுவதும் அந்தப் பை நாய்களுக்கும் பூனைகளுக்கும்தான். சிதறிய எலும்பையும் நாப்கினையும் பொறுக்கி எடுப்பவர் தூய்மைப் பணியாளர். அது அவருடைய வேலை இல்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

விலங்குகளைத் துரத்துவதைவிட, இரவில் அந்த வாசனை தெருவுக்கு வராமல் செய்வது எளிது. அதற்கான வழி இதோ.

முதலில், கிழித்தது யார் என்று பாருங்கள்

காலையில் பையை அள்ளுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். நாய் என்றால் பக்கவாட்டிலோ அடியிலோ பெரிதாகக் கிழிந்திருக்கும். பையே சில அடி தூரம் இழுத்துச் செல்லப்பட்டுக் குப்பை நீளமாகச் சிதறியிருக்கும். பூனை பையை அவ்வளவாக இழுக்காது. நகத்தால் கீறிய சிறு கிழிசல் இருக்கும், மீன் முள் மட்டும் வெளியே வந்திருக்கும், மற்றவை பைக்குள்ளேயே கிடக்கும். அடியில் வட்டமாகக் கடித்த ஓட்டையும் அருகில் அரிசி அளவில் கறுப்பு எச்சமும் இருந்தால் அது எலி. விடிந்த பிறகு மேற்பக்கம் கொத்திக் கிழிப்பது காகம். மாம்பழ காலத்தில் தோலுக்காக மாடு பையை இழுத்துப் போட்டிருக்கும். நாய் அதன் பிறகுதான் வரும்.

இதைத் தெரிந்துகொள்ளக் காரணம் இருக்கிறது. பலர் பையைக் கேட்டின் மேல் கம்பியில் தொங்கவிடுகிறார்கள். உயரமாகக் கட்டினால் நாய்க்கு எட்டாமல் போகலாம். ஆனால் ஐந்தடிச் சுவர் பூனைக்கு ஒரு தாவல்தான். பூனை பையைக் கீறிக் கீழே தள்ளிவிட்டால் மீதியை நாய் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, அசைவக் கழிவைத் தனியாகப் பிரியுங்கள்

வெங்காயத் தோலுக்காக எந்த நாயும் பையைக் கிழிப்பதில்லை. மீன் செதில், குடல், கோழித் தோல், எலும்பு, குழம்பு ஒட்டிய சோறு ஆகியவைதான் அதை இழுக்கின்றன. ஒரு வாரக் குப்பையில் இது மிகச் சிறிய பங்கு. ஆனால் எல்லாவற்றோடும் கலந்துவிட்டால் பை முழுவதும் அந்த வாசனை ஏறிவிடுகிறது.

ஒரு கிலோ மீன் வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்வோம். கடையிலேயே சுத்தம் செய்து வாங்கினால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. வீட்டில் நறுக்கினால் கழிவை ஒரு சல்லடையில் போட்டு நீரை வடியவிடுங்கள். அலசிய நீரை வாசல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பை இல்லாவிட்டாலும் அந்த வாசனைக்கே பூனை வந்து நிற்கும். தென்னை அல்லது வாழையின் அடியில் ஊற்றி மேலே மண்ணைத் தள்ளுங்கள். வடிந்த கழிவை இரண்டு தாள் பழைய செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு முடிந்து, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். உறைந்த கழிவு அழுகாது, நாறவும் செய்யாது. காலையில் வண்டியின் சத்தம் கேட்ட பிறகு எடுத்து மக்கும் குப்பையில் போடுங்கள். போடும்போது பால் கவரைக் கழற்றிவிட்டுத் தாளோடு மட்டும் போட வேண்டும்.

சாப்பாட்டுப் பொருள் இருக்கும் இடத்தில் கழிவை வைக்க மனம் ஒப்பாதவர்கள் உண்டு. அது நியாயமான தயக்கம்தான். அவர்கள் தோட்டத்தில் புதைக்கலாம். குழி ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும். கழிவின் மேல் குறைந்தது ஓர் அடி மண் இருக்க வேண்டும். அரையடியில் புதைத்தால் நாய் அன்றிரவே தோண்டிவிடும். நம் பக்கத்தில் பல வீடுகளில் ஓர் அடிக்குக் கீழே பாறை தட்டும். அப்படியானால் எவ்வளவு ஆழம் கிடைக்கிறதோ அவ்வளவில் புதைத்து, மண்ணை நன்றாக மிதித்து இறுக்கி, மேலே ஒரு கருங்கல் பலகையை வையுங்கள். கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கிணறோ ஆழ்துளைக் கிணறோ அருகில் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

மீதிக் குப்பைக்கு ஒரு வாளி

இருபது லிட்டர் பெயின்ட் வாளி, அழுத்தி மூடும் மூடியோடு கிடைத்தால் வேறு எதுவும் தேவையில்லை. கழுவிக் காயவைத்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவையோ காய்ந்த இலையையோ பரப்புங்கள். கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தேங்காய் நார் எடுக்கும் இடங்களில் நார்க்கழிவைக் கேட்டுப் பாருங்கள்.

மூடி தளர்வாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, கைப்பிடியின் ஒரு காதிலிருந்து மூடியின் மேலாக மறு காதுக்கு இழுத்து மாட்டுங்கள். நாய் மூடியைத் திறக்க முயல்வதைவிட வாளியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். அதனால் வாளியை ஒரு கயிற்றால் கேட்டின் உட்புறக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். வாளி கேட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வண்டி வரும்போது மட்டும் வெளியே வரட்டும். வாரம் ஒருமுறை சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் நாய்கள் கட்டாயம் இழுக்கும். இரத்தமும் மலமும் அவற்றுக்கு உணவு வாசனைதான். தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மூடியுள்ள வேறொரு சிறு டப்பாவில் வைத்துத் தனியாகக் கையில் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை

மிளகாய்த்தூள் தூவுவது காற்றில் பறந்து நம் கண்ணுக்கே வரும். மழைக்கும் பனிக்கும் நிற்காது. பினாயிலைப் பையின் மேல் ஊற்றுவது பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை அது நக்கிச் சுத்தம் செய்யும். பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களை அதன் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. உணவில் விஷம் வைப்பது கொடுமை, குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி விலங்கைக் கொல்வதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

எலும்பைக் கேட்டருகே நாய்க்குப் போடும் வழக்கமும் வேண்டாம். இரக்கத்தில் செய்வதுதான் என்றாலும், இந்த வாசலில் உணவு உண்டு என்று அதற்குப் பழக்குவது அதுவே. தெருநாய்களுக்கு உள்ளாட்சி ஒதுக்கும் இடங்களில் மட்டுமே உணவளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியிருக்கிறது.

பலன் எப்போது தெரியும்?

உடனே தெரியாது. பழகிய நாய் சில நாள்கள் வந்து முகர்ந்துவிட்டுத்தான் போகும். வாளி கவிழாமல், பை கிழியாமல் இருந்தால் முறை சரியாக நடக்கிறது என்று பொருள். இரண்டு வாரம் கழித்தும் அவை கூட்டமாக வந்தால் உங்கள் வாசலை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வீட்டுப் பை இரவில் வெளியே இருக்கும். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் வைத்து வந்தார். அதிகாலையில் வேலைக்குப் போகிறவர், வண்டி வரும்போது வீட்டில் ஆள் இல்லை. இப்போது அவருடைய வாளி எங்கள் கேட்டுக்குள் இருக்கிறது. எங்களுடையதோடு சேர்த்து நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

சிதறிய குப்பையை அள்ளும்போது நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சிறு கீறல் என்று விட்டுவிடாதீர்கள்.