மூன்று சொத்துகள், ஒரு கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ்: மினிமம் வேரியன்ஸ் வெயிட்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெயிட் என்பது மொத்தப் பணத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் போகும் பங்கு. முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு வந்த வெயிட்கள் 0.26, 0.40, 0.34. கூட்டினால் சரியாக 1, எல்லாமே பாசிட்டிவ், பார்க்க அழகாக இருந்தது. அத்தனையும் தப்பு. ஏன் தப்பு என்று பிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது, அதனால்தான் இந்தப் பதிவு. மேட்ரிக்ஸ் பெருக்கல் தெரியும், திட்ட விலக்கம் என்றால் என்னவென்று தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

சொத்துகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆண்டுத் திட்ட விலக்கம் முறையே 10%, 20%, 30%. கோரிலேஷன்: அ–ஆ 0.3, அ–இ 0.5, ஆ–இ 0.2.

படி 1: கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ்

கோரிலேஷனை இரண்டு சொத்துகளின் திட்ட விலக்கங்களோடும் பெருக்கினால் கோவேரியன்ஸ். அ–இ ஜோடிக்கு 0.5 × 0.10 × 0.30 = 0.015. மூலைவிட்டத்தில் ஒவ்வொன்றின் வேரியன்ஸ் வரும், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம்.

```
      அ      ஆ      இ
அ   0.010  0.006  0.015
ஆ   0.006  0.040  0.012
இ   0.015  0.012  0.090
```

படி 2: என்ன தேடுகிறோம்?

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். உங்கள் கலவையில் அ-விலிருந்து ஒரு துளி எடுத்து ஆ-வில் போட்டால் மொத்த வேரியன்ஸ் குறைகிறது என்றால், நீங்கள் இன்னும் அடிமட்டத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குறையாத இடம்தான் மினிமம். அந்த இடத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் முழுக் கலவைக்கும் இடையிலான கோவேரியன்ஸ் ஒரே எண்ணாக இருக்கும். அதாவது மேட்ரிக்ஸை வெயிட்களோடு பெருக்கினால் (`S @ w`) மூன்று வரிசையிலும் ஒரே விடை வரவேண்டும்.

அந்த ஒரே எண் என்னவென்று இப்போதைக்குத் தெரியாது. பரவாயில்லை, 1 என்று வைத்துத் தீர்த்துவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

படி 3: தீர்ப்பது, சுருக்குவது

```python
import numpy as np
S = np.array([[0.010, 0.006, 0.015],
              [0.006, 0.040, 0.012],
              [0.015, 0.012, 0.090]])
x = np.linalg.solve(S, np.ones(3))
w = x / x.sum()
print(w)
print(S @ w)
```

`x` ஏறத்தாழ 104.90, 11.64, −7.93 என்று வரும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இவை இன்னும் வெயிட்கள் இல்லை. கூட்டுத்தொகை 108.62, அதால் வகுத்தால்:

அ = 0.966, ஆ = 0.107, இ = −0.073

இன்வர்ஸ் எடுத்துப் பெருக்கும் `np.linalg.inv` வழியை நிறையப் பேர் எழுதுகிறார்கள். மூன்று சொத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் `solve` பழகிக்கொள்ளுங்கள், மேட்ரிக்ஸ் பெரிதாகும்போது பிசகு குறைவு. ஸ்ப்ரெட்ஷீட்தான் வசதி என்றால் மேட்ரிக்ஸை `B2:D4`-இலும் மூன்று 1-களை `F2:F4`-இலும் போட்டு `H2`-இல் இதைத் தட்டுங்கள்:

```
=MMULT(MINVERSE(B2:D4),F2:F4)
```

பழைய எக்செல் என்றால் மூன்று செல்லையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு Ctrl+Shift+Enter அடிக்கவேண்டும், இல்லையென்றால் ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். அடுத்த நெடுவரிசையில் `=H2/SUM(H$2:H$4)`. டாலர் குறியை விட்டால் கீழே இழுக்கும்போது கூட்டல் எல்லையும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

படி 4: சரிபார்ப்பு (நான் தாவிய இடம்)

`S @ w` மூன்று வரிசையிலும் 0.0092 கொடுக்கிறது. அதுவே கலவையின் வேரியன்ஸும்கூட, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் சுமார் 9.6%. தனியாக அ-வின் 10%-ஐ விடக் கொஞ்சம் குறைவு.

இப்போது என் பழைய கதைக்கு வருகிறேன். கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் நான் கோரிலேஷன் மேட்ரிக்ஸைக் கொடுத்திருந்தேன். மூலைவிட்டம் முழுக்க 1 என்றிருந்ததை அப்போதே கவனித்திருக்கலாம், கவனிக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் மூன்றின் ஏற்ற இறக்கமும் சமம் என்று கணக்கு நம்பிவிடும். அதனால் 30% ஆடும் இ-க்கு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. உண்மையில் அந்தக் கலவையின் திட்ட விலக்கம் 15.7%, பணம் முழுவதையும் அ-வில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தாலே 10%.

கூட்டுத்தொகை 1 என்பதை நான் சரிபார்ப்பாக நினைத்ததுதான் வினை. கூட்டுத்தொகையால் வகுத்தபிறகு எந்தக் குப்பையும் 1 ஆகத்தான் கூடும்! அந்தத் தப்பான வெயிட்களை உண்மையான மேட்ரிக்ஸோடு பெருக்கியிருந்தால் 0.010, 0.022, 0.039 என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்து ஒரு நொடியில் காட்டிக்கொடுத்திருக்கும்.

பின்சேர்க்கை: இ ஏன் மைனஸ்?

பதிவைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது இதுதான். தப்பில்லை, இ-யை ஷார்ட் செய்யச் சொல்கிறது, அதாவது கடன் வாங்கி விற்கச் சொல்கிறது. மேட்ரிக்ஸின் முதல் வரிசையைப் பாருங்கள்: அ-வின் வேரியன்ஸ் 0.010, ஆனால் அ–இ கோவேரியன்ஸ் 0.015. அ மட்டும் இருக்கும் கலவையில் ஒரு துளி இ சேர்த்தாலே ஆட்டம் கூடும், எதிர்ப்பக்கம் போனால் குறையும். மூன்று சொத்தாகும்போது ஆ-வும் உள்ளே புகுவதால் இதை அப்படியே விதியாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் மைனஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

ஷார்ட் செய்ய முடியாது என்றால்? மைனஸை அழித்துவிட்டு மீதி இரண்டையும் மறுபடி 1-க்குச் சுருக்குவதாக ஒருவர் சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் 0.900, 0.100. ஆனால் இ வெளியே போனபிறகு அது வேறு கணக்கு, இரண்டு சொத்துக்கு முதலிலிருந்து தீர்க்கவேண்டும்:

அ = (0.040 − 0.006) / (0.010 + 0.040 − 2 × 0.006) = 0.895, ஆ = 0.105

நியாயமாகச் சொன்னால் இந்த உதாரணத்தில் இரண்டு விடைக்கும் திட்ட விலக்கம் 9.79% தான், வித்தியாசம் அதற்கும் அடுத்த இலக்கத்தில்தான் தெரியும். அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வளைவு அவ்வளவு தட்டையாக இருக்கும். வேறு மேட்ரிக்ஸில் இப்படித் தப்பிக்க முடியும் என்று நினைக்காதீர்கள்.

இ-யைப் பூஜ்யமாக்கியது சரிதானா என்பதற்கும் அதே பெருக்கல்தான். புது வெயிட்களோடு அ, ஆ இரண்டுக்கும் 0.0096 வருகிறது, இ-க்கு 0.0147. வெளியே நிறுத்திய சொத்தின் எண் உள்ளே இருப்பவற்றைவிடப் பெரிதாக இருந்தால் அதைச் சேர்ப்பது ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்யும், அது வெளியிலேயே இருக்கட்டும். சிறிதாக வந்தால் அதைத் திரும்ப உள்ளே எடுத்துப் படி 3-லிருந்து மறுபடி போடவேண்டும்.