இரண்டாவது பற்றரி வாங்கியதும் நடக்கும் பிழைகள்

ஒட்டுசுட்டான் பக்கம் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிற ஒருவர் போன வருசம் கோல் எடுத்தார். "அண்ணை, இன்வேர்ட்டருக்கு ரெண்டு பற்றரி போட்டும் கரண்ட் போனா ரெண்டு மணித்தியாலம் நிக்குதில்லை. சீரிஸ்ல போட்டது பிழையோ? பரலலா மாத்தினா கூட நேரம் நிக்குமாம், உண்மையே?"

வன்னியில் இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதமே இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். இரண்டு கம்பியைக் கண்டால் கை சும்மா இராது. ஆனால் 150 அம்பியர் மணிப் பற்றரி டைனமோ மாதிரி மன்னிக்காது.

முதலில் அவருடைய கேள்விக்கே வருவோம். 12 வோல்ற், 150 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் நேர்முனையை மற்றதன் மறைமுனையோடு இணைத்தால் அது தொடர் இணைப்பு, கடைப் பேச்சில் சீரிஸ். வோல்ற் கூடி 24 ஆகும், அம்பியர் மணி 150 ஆகவே நிற்கும். நேரோடு நேரையும் மறையோடு மறையையும் இணைத்தால் அது சமாந்தரம், பரலல். வோல்ற் 12 ஆகவே நிற்கும், அம்பியர் மணி 300 ஆகும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 24ஐ 150ஆல் பெருக்கினாலும் 12ஐ 300ஆல் பெருக்கினாலும் 3600தான். உள்ளே இருக்கிற சக்தி ஒன்றே.

கடையில் ஒரு கொம்பியூட்டர், ஒரு ஃபான், சில எல்ஈடி பல்புகள், றவுட்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 240 வாற் எடுத்தன. இன்வேர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 300 வாற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ற்றில் அது பன்னிரண்டரை அம்பியர், இரண்டு பற்றரிக்குள்ளாலும் அதே பன்னிரண்டரைதான் ஓடும். 12 வோல்ற் இன்வேர்ட்டரில் பரலலாகப் போட்டிருந்தால் மொத்தம் 25 அம்பியர், அதை இரண்டும் பங்கிட ஆளுக்குப் பன்னிரண்டரை. பற்றரிக்கு இரண்டும் ஒரே சுமை என்பதால் நிற்கிற நேரமும் ஒன்றுதான்.

அப்படியானால் "இரண்டாவது பற்றரி போட்டதும் இரண்டு மடங்குக்கு மேல் நின்றது" என்று சிலர் சொல்வது பொய்யா? பொய்யில்லை. பற்றரியில் எழுதியிருக்கிற 150 பெரும்பாலும் 20 மணித்தியாலத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற கணக்கு. அதாவது ஏழரை அம்பியர் வீதம் எடுத்தால்தான் முழு 150 கிடைக்கும். ஒற்றைப் பற்றரியில் 25 அம்பியர் இழுத்தால் நாலரை மணித்தியாலம் மாதிரித்தான் வரும், ஆறு வராது. இரண்டு பேர் பங்கிட்டு ஆளுக்குப் பன்னிரண்டரை இழுத்தால் பத்து மணித்தியாலத்தைத் தாண்டலாம். இந்த இலாபம் இரண்டாவது பற்றரியால் வந்தது, சீரிஸாலோ பரலலாலோ இல்லை. இன்னொன்று, இது பற்றரியை அடிவரை உறிஞ்சுகிற கணக்கு. நாளாந்தம் அரைவாசியோடு நிறுத்தினால்தான் அது வருசக்கணக்கில் உழைக்கும்.

ஆகவே எப்படி இணைப்பது என்பதை முடிவுசெய்வது நீங்களோ நானோ இல்லை, இன்வேர்ட்டர். அதன் பின்பக்கத் தகட்டில் பற்றரி வோல்ற் எழுதியிருக்கும். 12 என்றால் பரலல், 24 என்றால் சீரிஸ், பேச்சு முடிந்தது. 12 வோல்ற் இன்வேர்ட்டருக்கு நேரம் கூட வேண்டும் என்று இரண்டைத் தொடராகக் கொடுத்தால் வயரைப் பூட்டுகிற அந்தக் கணத்திலேயே உள்ளே பாகங்கள் வெடித்துப் போகலாம். மறுபக்கமாக, 24 வோல்ற் இன்வேர்ட்டருக்கு 12 கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கெடாது, அது எழும்பாமல் கிடக்கும்.

சரி, ஒட்டுசுட்டான் கடைக்கு வருவோம். அங்கே இருந்தது 24 வோல்ற் இன்வேர்ட்டர், பற்றரிகள் சரியாகவே தொடரில் இருந்தன. பராமரிப்பு வேலைக்கென்று காலை 8 மணிக்குக் கரண்ட்டை வெட்டி மாலை 5 மணிக்குத் தருகிற நாட்களில் புதிதில் பின்னேரம் வரை தாங்கியதாம். ஏழெட்டு மாதத்தில் அரைநாளாகி, பிறகு இரண்டு மணித்தியாலமாகிவிட்டது. ஒரு பற்றரி செத்துவிட்டது என்று யாரோ பார்த்துச் சொல்ல, அதை மட்டும் மாற்றியிருக்கிறார். நாலு மாதத்தில் பழையபடி.

நான் போனபோது கரண்ட் இருந்தது, பற்றரி சார்ஜில் இருந்தது. மல்ற்றிமீற்றரை இரண்டு கடைசி முனைகளிலும் வைத்தேன். 27.4 வோல்ற், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மீற்றரை மூடிப் பைக்குள் வைப்பார்கள். தொடர் இணைப்பில் மொத்தத்தைப் பார்ப்பதால் பயனில்லை, பற்றரியைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். சுவரோரம் இருந்த பற்றரி 14.9 காட்டியது. கதவோரம் இருந்தது 12.5. கூட்டினால் அதே 27.4தான், ஆனால் ஒன்று கொதிக்கிறது, மற்றது பட்டினி கிடக்கிறது. மூடியைத் திறந்தால் சுவரோரப் பற்றரியில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருந்தது. கதவோரத்தில் தண்ணீர் நிறைய இருந்தது.

காரணம் கதவோரப் பற்றரியின் இரண்டு முனையிலும் இறுக்கியிருந்த மெல்லிய சிவப்பு, கறுப்பு வயர்கள். நாலு கமராவும் அதன் பெட்டியும் 12 வோல்ற்றில் வேலை செய்கிறவை. "இங்கை 12 கிடக்குத்தானே அண்ணை, அதிலை கொழுவினேன்" என்றார். பார்க்கப்போனால் சரியான யோசனைதான். 24 வோல்ற் வைத்திருக்கிற வீடுகளில் பாதியில் இப்படி ஒரு வயர் இருக்கும்: கோழிக்கூட்டு பல்புக்கு, றவுட்டருக்கு, போன் சார்ஜருக்கு.

கமராக்கள் 30 வாற் எடுத்தன. 12 வோல்ற்றில் அது இரண்டரை அம்பியர். சின்னதுதான். ஆனால் கமரா இரவு பகல் பாராமல் ஓடுகிறது, 24 மணித்தியாலத்துக்கு 60 அம்பியர் மணி. அந்த 60உம் ஒரு பற்றரியின் தலையில் மட்டும் விழுகிறது. சார்ஜர் இரண்டுக்குமாகச் சேர்த்துத்தான் கரண்ட் தரும், ஒன்றுக்குக் கூட ஊட்டத் தெரியாது. சுவரோரத்துக்கு வயிறு நிறைந்த பிறகும், கதவோரம் குடிப்பதற்காக அதே கரண்ட் சுவரோரத்துக்குள்ளாலும் ஓடவேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒன்றில் தண்ணீர் வற்றியது, மற்றது ஒருநாளும் நிறையவில்லை. நிறையாமல் கிடக்கிற ஈயப் பற்றரியின் தகட்டில் சல்பேற் படிந்து இறுகும், பிறகு சார்ஜ் ஏறாது.

மெயின் சுவிற்சை இறக்கி, கடையை ஒரு மணித்தியாலம் பற்றரியில் ஓடவிட்டோம். பிறகு அளந்தால் சுவரோரம் 12.3, கதவோரம் 9.6. இன்வேர்ட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது பார்ப்பது மொத்தத்தை, அதாவது 21.9ஐ. 21க்கு இறங்கினால்தான் தானாக நிற்கும். தனியாக இருந்தால் 12 வோல்ற் பற்றரியை 10.5இல் நிறுத்தவேண்டும், ஆனால் இங்கே பலவீனமானது அதற்குக் கீழே இழுபட்டதை நல்லது மறைத்துக்கொண்டு நின்றது. புதிதாக வாங்கிப் போட்டதும் நாலு மாதத்தில் களைத்தது இதனால்தான். பற்றரியை மாற்றினார்கள், வயரைக் கழற்றவில்லை.

அந்த வயரைக் கழற்றி, 24ஐ 12 ஆக்குகிற சிறிய டிசி கொன்வேர்ட்டர் ஒன்றை இரண்டு கடைசி முனைகளுக்கும் குறுக்கே போட்டு, அதிலிருந்து கமராவுக்குக் கொடுத்தோம். இப்போது சுமை இரண்டிலும் சமமாக விழுகிறது. கொன்வேர்ட்டர் கிடைக்காவிட்டால் கமராவின் சாதாரண 230 வோல்ற் அடப்டரை இன்வேர்ட்டரின் பிளக்கில் செருகலாம், கொஞ்சம் வீண்தான், ஆனால் பற்றரி பிழைக்கும். கதவோரப் பற்றரியைத் தனியாக எடுத்து 12 வோல்ற் சார்ஜரில் 14.4 வரும்வரை வைத்தோம். எல்லாச் சிற்றறையிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கிற ஐதரோமீற்றர் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது, தப்பிவிட்டது. சுவரோரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வற்றித் தெரிந்த தகடு பாழ். அதே வகையில், அதே அளவில் ஒன்று வாங்கினார், வயது வித்தியாசம் நாலு மாதம்தான் என்பதால் நானும் சம்மதித்தேன். இரண்டு வருசப் பழசோடு புதிதைத் தொடராகப் போடக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். தொடரில் பலவீனமானதுதான் நேரத்தை முடிவுசெய்யும், புதியதற்குக் கொடுத்த காசு அதன் பின்னால் போகும்.

பரலலில் இந்தக் கமரா வயர்ப் பிரச்சினை வராது, இரண்டும் ஒரே வோல்ற்றில் நிற்பதால் சுமை தானாகப் பங்கிடப்படும். அங்கே பிழை வேறு விதம். பழைய பற்றரியில் ஒரு சிற்றறை செத்திருந்தால் நல்லது ஓயாமல் அதற்குள் கரண்ட்டை ஊற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லாமல், சுமையும் இல்லாமல் கிடக்கும்போது ஒரு பற்றரி தொட்டால் சூடாக இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். முதலில் பூட்டும்போதும் இரண்டையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றி, ஓய்வில் விட்டு அளந்து, வித்தியாசம் 0.1 வோல்ற்றுக்குள் வந்தபிறகே இணையுங்கள்.

பரலலில் இன்னொரு சின்ன விசயம், ஒரு சதமும் செலவில்லாதது. இன்வேர்ட்டருக்குப் போகிற இரண்டு தடித்த வயரையும் ஒரே பற்றரியில் பூட்டாதீர்கள். சிவப்பை முதலாவதன் நேர்முனையிலும் கறுப்பை இரண்டாவதன் மறைமுனையிலும் குறுக்காகப் பூட்டுங்கள். இரண்டையும் முதலாவதில் பூட்டினால் கிட்ட இருப்பது கூட உழைக்கும், தூர இருப்பது இணைப்பு வயரின் தடை காரணமாகச் சோம்பும். 12 வோல்ற்றில் கரண்ட் இரண்டு மடங்கு என்பதால் வயரும் அதற்கேற்ற தடிப்பில் இருக்கவேண்டும். சுமை ஓடும்போது வயரையும் முனையையும் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் வயர் மெல்லிசு அல்லது முனை தளர்வு.

கடைக்காரரிடம் மாதம் ஒருமுறை சார்ஜில் இருக்கும்போது இரண்டு பற்றரியையும் தனித்தனியாக அளந்து சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் அரை வோல்ற்றைத் தாண்டினால் கோல் எடுக்கவேண்டும் என்பது பேச்சு. கார்த்திகை மழையில் ஒருநாள் எடுத்தார், நான் பயந்துபோனேன். பற்றரிக்கில்லை, போட்டோகொப்பி மெசினையும் இன்வேர்ட்டரில் கொழுவலாமா என்று கேட்கத்தான்.