0.8 மில்லிமீட்டர் லேசர் கற்றையை ஐந்து மடங்காக விரிப்பது எப்படி?

சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் மாணவர்களோடு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புக் கற்றை (632.8 நானோமீட்டர்) வெளியே வரும்போது 0.8 மி.மீ. விட்டம் கொண்டது. பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரை அடைவதற்குள் ஏறத்தாழ 10 மி.மீ. ஆகிவிடுகிறது. இதை முதலிலேயே 4 மி.மீ. ஆக விரித்து இணைக்கற்றையாக அனுப்பினால் அதே சுவரில் சுமார் 4.5 மி.மீ. தான் இருக்கும். மெல்லிய கற்றைதான் வேகமாக விரிகிறது. விட்டத்தை ஐந்து மடங்காக்கினால் விரியும் கோணம் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

முதலில் கணக்கு. இரண்டு லென்ஸ் போதும். முதல் லென்ஸின் குவியத்தொலைவு f1, இரண்டாவதன் குவியத்தொலைவு f2, இரண்டுக்கும் இடைவெளி L, கற்றை எத்தனை மடங்கு விரிகிறது என்பது M.

```
M = f2 / |f1|
L = f1 + f2
```

முதலாவது குழிலென்ஸ் என்றால் f1-ஐ எதிர்க்குறியோடு போட வேண்டும். f1 = −30, f2 = 150 என்று எடுத்தால் M = 5, L = 120 மி.மீ. இரண்டும் குவிலென்ஸ் என்றால் (30, 150) இடைவெளி 180 ஆகிவிடும். நடுவில் கற்றை ஒரு புள்ளியில் குவியும். அங்கே ஊசித்துளை வைத்துக் கற்றையைச் சுத்தம் செய்யும் தேவை இல்லாதவர்கள் குழிலென்ஸ் அமைப்பையே எடுங்கள், நீளம் குறைவு.

எந்த ஜோடி? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். −6, 30 என்ற ஜோடியும் ஐந்து மடங்குதான் தரும், 24 மி.மீ. இடத்தில் அடங்கியும் விடும். ஆனால் இடைவெளியில் δ அளவு பிழை வந்தால் வெளியேறும் கற்றை இணையாக இல்லாமல் f2²/δ என்ற வளைவு ஆரத்தோடு வெளிவரும். f2 = 150 என்றால் 1 மி.மீ. பிழைக்கு அந்த ஆரம் 22.5 மீட்டர். f2 = 30 என்றால் அதே பிழைக்கு 0.9 மீட்டர். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! கையால் நகர்த்திச் சரிசெய்யும் தண்டவாளம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் இடம் கொடுக்கும் அளவுக்கு நீளமான f2-ஐத் தேர்ந்தெடுங்கள்.

பொருத்துவது. முதல் லென்ஸை லேசரின் வாயிலிருந்து 10 செ.மீ.க்குள் வையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் கற்றை லென்ஸுக்கு வரும்போதே 1.3 மி.மீ. ஆகியிருக்கும், கணக்கு மாறிவிடும். ஒருபக்கம் தட்டையான லென்ஸ்கள் என்றால் முதலாவதன் வளைந்த பக்கம் லேசரை நோக்கியும், இரண்டாவதன் வளைந்த பக்கம் சுவரை நோக்கியும் இருக்கட்டும். தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். முதலில் லென்ஸ் இல்லாமல் சுவரில் புள்ளி விழும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லென்ஸைச் செருகிய பிறகும் ஒளிவட்டத்தின் மையம் அந்தக் குறியிலேயே நிற்க வேண்டும். விலகினால் லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கற்றை போகும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள்.

இணைதானா என்று பார்ப்பது. லென்ஸின் மேல் எழுதியுள்ள குவியத்தொலைவில் ஒரு சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். 150-க்கு அதுவே 1.5 மி.மீ. அதனால் 120-ஐத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். இரண்டாவது லென்ஸை அரை மில்லிமீட்டராக நகர்த்தி, வரைபடத் தாளில் வட்டத்தை அளந்துகொண்டே போங்கள். இடைவெளி 1 மி.மீ. குறைந்தால் பத்தாவது மீட்டரில் வட்டம் 6 மி.மீ. ஆகும். கூடினால் 3 மி.மீ.

அந்த 3 மி.மீ.யைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சுவரில் வட்டம் மிகச் சிறியதாகும்வரை லென்ஸை நகர்த்தினால் நீங்கள் கற்றையைச் சுவரில் குவிக்கிறீர்கள், இணையாக்கவில்லை. கண்டுபிடிக்கத் தாளை ஐந்தாவது மீட்டரில் பிடியுங்கள். இணைக்கற்றை என்றால் அங்கே 4.1 மி.மீ. இருக்கும். சுவரில் குவித்த கற்றையோ 2.2 மி.மீ. தான் இருக்கும். வழியில் எங்குமே 4-க்குக் கீழே இறங்காமல், பத்தாவது மீட்டரில் 4.5-ஐ ஒட்டி நிற்கும் இடைவெளியே சரியானது. வட்டத்தின் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். எல்லா அளவையும் ஒரே ஆள், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் ஒப்பீடு கெடாது.

இரண்டு இடங்களில் சென்னைக்காரர்கள் கவனம் வைக்க வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து நடைக்கூடத்துக்கு எடுத்துவந்த லென்ஸில் உடனே ஆவி படிந்து, வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மூட்டம் தெரியும். துடைக்காமல் வெப்பம் சமமாகும்வரை விட்டுவிடுங்கள், தானே விலகும். ரிச்சி தெருவில் வாங்கும் டயோடு லேசரின் கற்றை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். இந்த அமைப்பு இரு திசைகளையும் ஐந்து மடங்காக்குமே தவிர வட்டமாக்காது. அப்படிப்பட்ட கற்றை என்றால் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே அளந்து, பெரியதை d என்று எடுத்து, இரண்டாவது லென்ஸின் விட்டம் 5d-யைப் போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.