பேட்டி எடுக்கும்போதே எழுத்துக்கு இடம் விடுவது எப்படி?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பில் விவசாயி ஒருவரைப் போன் கேமராவில் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே சப்டைட்டில் வர வேண்டும், ஓரத்தில் அவர் பெயரும் ஊரும் வர வேண்டும். அதற்கான இடத்தை ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

1. டேப் ஒட்டுங்கள். போனைப் படுக்கவாட்டில் ஸ்டாண்டில் மாட்டி, கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். படத்தின் உயரத்தில் கீழே ஐந்தில் ஒரு பங்கு சப்டைட்டிலுக்கு. பெரும்பாலான போன்களில் அது ஒன்றேகால் சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். அந்த எல்லையில் ஸ்கிரீன் கார்டு மேல் மெல்லிசாக ஒரு செல்லோடேப் ஒட்டிவிட்டால் மறக்காது.

2. ஆளை ஓரமாக நிறுத்துங்கள். இடது கிரிட் கோட்டில் அவர் முகம் இருக்கட்டும், பார்வை வலப்பக்கம் போகட்டும். நீங்கள் கேமராவுக்கு வலப்புறம் நின்று கேள்வி கேட்டால் தானாக அங்கேதான் பார்ப்பார். அந்த வலப்பக்க வெற்றிடம்தான் பெயருக்கு. தாராளமாகவே விடுங்கள், 'காவேரிப்பட்டணம்' என்று ஊர்ப்பெயர் வந்தால் அது ஒன்றே பாதி அகலத்தைக் கேட்கும்.

3. பின்னணியைப் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இடம் காலியாக இருந்தும் எழுத்து படிக்க முடியாமல் போகும். மா இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது அல்லவா, அந்த வெள்ளைப் பொட்டின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் பாதி காணாமல் போய்விடும். வானமும் உதவாது, அதுவும் வெளுப்பு, ஆள் முகமும் கறுத்துவிடும்.

அவரை நிழலில் நிறுத்தி, பின்னால் இருபது அடி தள்ளி இருக்கும் மரங்களின் நிழல் பக்கம் தெரியும்படி திரும்புங்கள். போனில் 2x லென்ஸ் இருந்தால் ஆளிடமிருந்து இருமடங்கு தூரத்துக்குப் பின்னால் போய் அதில் எடுங்கள், பின்னணியில் குறைவாகத்தான் தெரியும். அதுவும் சரிப்படவில்லையா, மோட்டார் ரூம் சுவர் போதும். அழகு கம்மிதான், ஆனால் எழுத்து பளிச்சென்று நிற்கும். கண்ணைப் பாதி மூடித் திரையைப் பாருங்கள்: வெற்றிடத்தில் இன்னும் புள்ளிகள் மின்னினால் இடம் மாற வேண்டும்.

4. கையைக் கவனியுங்கள். பெங்களூரா மாங்காயின் மூக்கைக் காட்டி விளக்குவார். கை இடுப்பளவில் இருந்தால் சப்டைட்டில் காயின் மேலேயே உட்காரும். "அண்ணா, காயை நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. ஐந்து விநாடி பொறுங்கள். அவர் பேசத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் கேமராவை ஆட்டாமல் ஓடவிடுங்கள். டைட்டிலை நிதானமாக இரண்டு முறை படிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

முடிந்தால் 4K-யில் எடுத்து 1080p-யில் எடிட் செய்யுங்கள். படத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள இடம் கிடைக்கும். வெயிலில் நீண்ட நேரம் 4K ஓடினால் போன் சூடாகி நின்றுவிடலாம், நிழலிலேயே வையுங்கள். ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் எடுத்தால் கணக்கே வேறு: கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் ஆப்பின் பட்டன்கள் மறைத்துவிடும், அதனால் எழுத்துக்கான இடத்தை இன்னும் மேலே, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே விடுங்கள்.